பழைய இருப்பும் புதிய வரவும்

1842-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜோசப் ஹென்றி ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மின்னேற்றிய லெய்டன் ஜாடி ஒன்றை ஒரு கம்பிச்சுருள் வழியாக மின்னிறக்கம் செய்தார். சுருளுக்குள் வைத்திருந்த எஃகு ஊசி காந்தமானது. ஆனால் அதன் வடமுனை எப்போதும் எதிர்பார்த்த பக்கத்தில் இல்லை. சில சமயம் நேர்மாறான பக்கத்தில் இருந்தது. ஜாடியிலிருந்து மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்து தீர்வதில்லை, முன்னும் பின்னுமாக அலைந்து அலைந்துதான் அடங்குகிறது என்று ஹென்றி முடிவுக்கு வந்தார்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1853-ல், அதற்கான கணக்கை எழுதியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்டவர். மின்தேக்கியின் அளவு, சுருளின் தூண்டல், கம்பியின் மின்தடை ஆகிய மூன்றும் தெரிந்தால், மின்னிறக்கம் அலையுமா, அலையாமல் வடியுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என அவர் காட்டினார். மின்தடை குறைவாக இருந்தால் அலைவு; அதிகமாக இருந்தால் நேரே வடிதல். சில ஆண்டுகளில் ஜெர்மனியில் ஃபெடர்சன், சுழலும் கண்ணாடி ஒன்றின் உதவியால் ஜாடியின் தீப்பொறியை நீட்டிப் பார்த்து, அது உண்மையிலேயே விட்டுவிட்டு மின்னுவதைப் பதிவு செய்தார்.

ஹென்றி, தாம்சன், ஃபெடர்சன் மூவரும் ஆராய்ந்தது ஒரே வகைச் சூழல். ஜாடியில் மின்னூட்டம் இருக்கிறது. வெளியிலிருந்து எந்த மின்மூலமும் இணைக்கப்படவில்லை. சுற்றில் நடப்பதெல்லாம் ஏற்கெனவே சேமித்து வைத்த ஆற்றலால் நடப்பவை. இன்று பொறியியல் கல்லூரிகளில் இதைத்தான் ‘ஜீரோ இன்புட் ரெஸ்பான்ஸ்’ என்கிறார்கள்.

நம் காலத்துச் சுற்றுகள் அவ்வளவு தனிமையில் இருப்பதில்லை. பாதி மின்னேறிய மின்தேக்கியோடு ஒரு புதிய மின்மூலம் இணைகிறது. பழைய இருப்பு வடிந்துகொண்டிருக்கும்போதே புதிய வரவு வந்து சேர்கிறது. திரையில் தெரிவது ஒரே ஒரு கோடுதான். அந்தக் கோட்டில் எவ்வளவு பழைய இருப்பால் வந்தது, எவ்வளவு புதிய மூலத்தால் வந்தது? இதைப் பிரித்துச் சொல்ல ஒரு தெளிவான வழி இருக்கிறது. அது பிரிபடவில்லை என்றால், ஒரு துணைமின் நிலையத்தில் எவ்வளவு மின்னழுத்தம் எகிறும் என்ற கேள்விக்கும் சரியான விடை கிடைக்காது.

ஒரு மின்தேக்கியும் ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தடையும் வரிசையாக இணைந்த சுற்றை எடுத்துக்கொள்வோம். இதில் ஆற்றல் தங்கும் இடங்கள் இரண்டு. மின்தேக்கி தன் தகடுகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தில் ஆற்றலை வைத்திருக்கிறது. சுருள் தன் வழியே ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தில் வைத்திருக்கிறது. மின்தடை எதையும் சேமிப்பதில்லை, வெப்பமாக்கிச் செலவழிக்கும். இரண்டு சேமிப்பிடங்கள் இருப்பதால்தான் இது இரண்டாம் படிச் சுற்று எனப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுற்று இதற்கு முன் என்னென்ன அனுபவித்தது, எத்தனை முறை அணைத்துப் போட்டார்கள், முந்தைய மூலம் எத்தனை வோல்ட் என்பதெல்லாம் இனி தேவையில்லை. கணக்கைத் தொடங்கும் நொடியில் மின்தேக்கியின் மின்னழுத்தம் எவ்வளவு, சுருளின் மின்னோட்டம் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் போதும். சுற்றின் மொத்த வரலாறும் அந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. இவற்றையே சுற்றின் ‘நிலை’ என்பார்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்து, மூலம் மட்டும் வேலை செய்தால் கிடைப்பது ‘ஜீரோ ஸ்டேட் ரெஸ்பான்ஸ்’.

படிக்க எளிதாக, முதலாவதை இருப்புப் பங்கு என்றும் இரண்டாவதை மூலப் பங்கு என்றும் அழைப்போம். ஊஞ்சலைப் பின்னுக்கு இழுத்து விட்டுவிட்டுக் கையை எடுத்தால் அது ஆடுவது இருப்புப் பங்கு. அசையாமல் நிற்கும் ஊஞ்சலைத் தள்ளினால் வருவது மூலப் பங்கு. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சலைத் தள்ளும்போது இரண்டும் கலந்து வருகின்றன.

கலந்து வருவதைப் பிரிக்க முடியும் என்பதற்கு என்ன உறுதி? இந்த மூன்று உறுப்புகளும் நேர்விகிதத்தில் நடந்துகொள்பவை. மின்தடையில் மின்னோட்டம் இரட்டித்தால் மின்னழுத்தமும் இரட்டிக்கும்; சுருளுக்கும் மின்தேக்கிக்கும் அதே விதி. அதனால் இரண்டு காரணங்கள் ஒரே நேரத்தில் செயல்பட்டால், ஒவ்வொன்றும் தனியாகச் செயல்படும்போது கிடைக்கும் விளைவுகளைக் கூட்டினால் போதும். சேமிப்பு ஒரு காரணம், மூலம் இன்னொரு காரணம்.

இனி ஒரு சுற்றை மேசைமேல் வைத்துப் பார்ப்போம். சுருள் 1 ஹென்றி. மின்தடை, சுருளின் கம்பியில் உள்ளதையும் சேர்த்து, 3 கிலோ ஓம். மின்தேக்கி 0.5 மைக்ரோ ஃபாரட். முன்பு வேறொரு மூலத்தோடு இணைந்திருந்த இந்தச் சுற்றை, அந்த மாற்றம் முடிவதற்குள்ளாகவே 10 வோல்ட் மூலத்துக்கு மாற்றுகிறோம். மாற்றும் கணத்தில் மின்தேக்கியில் 4 வோல்ட் இருக்கிறது. சுருளில் 1 மில்லி ஆம்பியர், மின்தேக்கியை மேலும் மின்னேற்றும் திசையில் ஓடுகிறது. சேமித்த ஆற்றல் மின்தேக்கியில் 4 மைக்ரோ ஜூல், சுருளில் 0.5 மைக்ரோ ஜூல்.

மின்தேக்கியின் மின்னழுத்தத்தை v என்றும், நேரத்தை மில்லி விநாடிகளில் t என்றும் குறித்தால், சுற்றைச் சுற்றிவந்து மின்னழுத்தங்களைக் கூட்டும்போது கிடைக்கும் சமன்பாடு இது. இதில் Vs என்பது மூலத்தின் மின்னழுத்தம்:

v'' + 3v' + 2v = 2Vs

இடப்பக்கம் முழுவதும் சுற்றின் சொந்தக் குணம். அதிலிருந்து s² + 3s + 2 = 0 என்ற சிறு சமன்பாடு வருகிறது; அதன் விடைகள் −1, −2. அதாவது இந்தச் சுற்றுக்கு இரண்டு வேகங்களில் மட்டுமே அடங்கத் தெரியும். ஒன்று e^(-t), மற்றொன்று அதைவிட விரைவாக மறையும் e^(-2t). மின்தடை போதிய அளவு இருப்பதால் அலைவு கிடையாது. தாம்சன் சொன்ன இரண்டாவது வகை.

முதலில் இருப்புப் பங்கு. 10 வோல்ட் மூலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்பியைப் போடுகிறோம். மின்னழுத்த மூலத்தை அணைப்பது என்றால் சுற்றைத் திறந்து விடுவதல்ல, அதன் இரு முனைகளையும் குறுக்கிணைப்பது. மின்னோட்ட மூலமாக இருந்தால்தான் திறந்து விட வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டால் சுற்றே வேறாகிவிடும், −1, −2 என்ற எண்களும் மாறிவிடும். இருப்பு எண்களைத் தொடவில்லை: 4 வோல்ட், 1 மில்லி ஆம்பியர்.

மின்தேக்கியின் மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது மின்னோட்டத்தை மின்தேக்கியின் அளவால் வகுத்தால் தெரியும். 1 மில்லி ஆம்பியரை 0.5-ஆல் வகுத்தால், மில்லி விநாடிக்கு 2 வோல்ட். ஆகவே தொடக்கத்தில் மின்னழுத்தம் 4, அதன் ஏறும் வேகம் 2. இந்த இரண்டுக்கும் பொருந்துமாறு e^(-t), e^(-2t) ஆகியவற்றின் அளவுகளைக் கண்டுபிடித்தால்:

இருப்புப் பங்கு = 10e^(-t) − 6e^(-2t)

இந்த வரியின் நடத்தையைச் சற்று நின்று பார்க்கலாம். மூலம் இல்லை, இருந்தும் மின்தேக்கியின் மின்னழுத்தம் உடனே இறங்கத் தொடங்குவதில்லை. 4 வோல்ட்டிலிருந்து சுமார் 4.17 வோல்ட் வரை ஏறி, ஏறத்தாழ 0.18 மில்லி விநாடிக்குப் பிறகுதான் இறங்குகிறது. காரணம் சுருள். அதில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று நிற்க முடியாது; தன்னிடம் இருந்த அரை மைக்ரோ ஜூலில் ஒரு பகுதியை மின்தேக்கிக்குள் தள்ளிவிட்டுத்தான் ஓய்கிறது. பிறகு மின்னோட்டம் திசை மாறி, மின்தேக்கி வடிகிறது.

இந்தச் சிறு மேடு ஒரு நல்ல சோதனைக் கருவி. மாணவர்கள் அதிகம் தவறுவது மின்னோட்டத்தின் திசையில்தான். சுருளின் அம்புக்குறியை ஒரு பக்கமும் மின்தேக்கியின் அம்புக்குறியை மறுபக்கமும் போட்டுவிட்டு, வேகத்தை +2 என்பதற்குப் பதில் −2 என்று எடுத்துவிடுவார்கள். அப்போது விடை 6e^(-t) − 2e^(-2t) என்று வரும். பார்வைக்கு அதுவும் ஒழுங்காகத்தான் இருக்கும். தொடக்கத்தில் 4 வோல்ட் என்பதும் பொருந்தும். ஆனால் கோடு முதல் கணத்திலிருந்தே இறங்கும். மின்தேக்கியை மின்னேற்றிக்கொண்டிருந்த சுருள் எப்படி முதல் கணத்திலேயே அதை வடிக்கும் என்று கேட்டால் பிழை பிடிபட்டுவிடும்.

அடுத்து மூலப் பங்கு. இப்போது 10 வோல்ட் மூலம் திரும்ப வருகிறது. மின்தேக்கியையும் சுருளையும் முழுக்க வெறுமையாக்குகிறோம். மின்னழுத்தம் 0, மின்னோட்டம் 0. நீண்ட நேரம் கழித்து மின்தேக்கி 10 வோல்ட்டுக்கு வந்து நிற்கும். ஆனால் பூஜ்யத்திலிருந்து அங்கே தாவ முடியாது. இடையிலுள்ள தூரத்தைச் சுற்று தன் சொந்த வேகங்களான e^(-t), e^(-2t) வழியாகத்தான் கடக்க வேண்டும்:

மூலப் பங்கு = 10 − 20e^(-t) + 10e^(-2t)

t = 0 என்று வைத்தால் 10 − 20 + 10 = 0. ஏறும் வேகமும் 20 − 20 = 0. இரண்டும் பூஜ்யம் என்பதே இந்தப் பங்கு சரியாகப் பிரிந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். மூலப் பங்கில் இவற்றில் ஏதாவது ஒன்று பூஜ்யமாக இல்லாவிட்டால், தொடக்க இருப்பு எங்கோ இரண்டாவது முறையாக உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள்.

இரண்டையும் கூட்டினால் மொத்தம்:

v = 10 − 10e^(-t) + 4e^(-2t)

தொடக்கத்தில் 10 − 10 + 4 = 4 வோல்ட். ஏறும் வேகம் 10 − 8 = 2. இரண்டும் நாம் தொடங்கிய எண்கள்தான். கணக்கு சரி.

மொத்த விடையை நேரடியாகவே கண்டுபிடித்திருக்கலாமே, பிரித்துக் கூட்டியதால் என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றும். மூலத்தை 20 வோல்ட் ஆக்கிப் பார்த்தால் தெரியும். முழு விடையையும் இரண்டால் பெருக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். ஒரு மில்லி விநாடியில் மொத்த மின்னழுத்தம் 6.86 வோல்ட், பெருக்கினால் 13.73. அது தவறு. இரட்டிப்பது மூலப் பங்கு மட்டுமே; அது 4.00-லிருந்து 7.99 ஆகிறது. இருப்புப் பங்கு அதே 2.87. கூட்டினால் 10.86 வோல்ட். ஆற்றல் சேமிப்போடு தொடங்கும் சுற்றில் மொத்த விடை மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்காது; அதன் ஒரு பங்கு மட்டுமே இருக்கும். எந்தப் பங்கு என்று தெரிந்திருந்தால், மூலம் மாறும்போது ஒரு பாதியையும், இருப்பு மாறும்போது மறுபாதியையும் மட்டும் திருத்தினால் போதும்.

பாடப்புத்தகங்களில் இன்னொரு பிரிவினையும் உண்டு. குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது. மொத்த விடையில் நிலைத்து நிற்கும் 10-ஐத் தனியாகவும், மறைந்துபோகும் −10e^(-t) + 4e^(-2t) என்பதைத் தனியாகவும் எடுத்து, முதலாவதை ‘ஃபோர்ஸ்டு ரெஸ்பான்ஸ்’ என்றும் இரண்டாவதை ‘நேச்சுரல் ரெஸ்பான்ஸ்’ என்றும் சொல்வார்கள். மறைந்துபோவது இயல்பான பங்கு, அதுதானே பழைய இருப்பின் வடிதல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படியல்ல.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இருப்புப் பங்கு 10e^(-t) − 6e^(-2t). மறையும் பங்கு −10e^(-t) + 4e^(-2t). குறிகளே தலைகீழ். மறையும் பங்கில் t = 0 என்று வைத்தால் −6 வோல்ட் வருகிறது. மின்தேக்கியில் அந்தக் கணத்தில் இருந்ததோ +4 வோல்ட். இந்த −6 எங்கிருந்து வந்தது? 4 வோல்ட்டில் இருக்கும் மின்தேக்கி 10 வோல்ட்டுக்குப் போக வேண்டும்; 4 − 10 = −6. அதாவது மறையும் பங்குக்குள் மூலத்தின் கையும் இருக்கிறது. மூலப் பங்கில் இருந்த −20e^(-t) + 10e^(-2t), இருப்புப் பங்கோடு கலந்துதான் இந்த எண்கள் வந்தன. அந்த முறையில் ‘எது நிற்கிறது, எது மறைகிறது’ என்று கேட்கிறோம். இந்த முறையில் ‘எது யாரால் வந்தது’ என்று கேட்கிறோம். கேள்விகள் வேறு, விடைகளும் வேறு.

பிரிவினைக்கு ஓர் எல்லையும் உண்டு. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இப்படிப் பிரித்துக் கூட்டலாம். ஆற்றலைக் கூட்ட முடியாது. அதே ஒரு மில்லி விநாடிக் கணத்தில் மின்தேக்கியின் ஆற்றலைக் கணக்கிட்டால், இருப்புப் பங்கு தனியாக இருந்தால் சுமார் 2.05 மைக்ரோ ஜூல், மூலப் பங்கு தனியாக இருந்தால் சுமார் 3.99. கூட்டினால் 6 மைக்ரோ ஜூலைத் தொடுகிறது. ஆனால் உண்மையில் மின்தேக்கியில் இருப்பது 6.86 வோல்ட், அதற்கான ஆற்றல் 11.8 மைக்ரோ ஜூல். ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் இப்படி ஆகிறது. இரண்டு எண்களைக் கூட்டி இருமடியாக்குவதும், தனித்தனியே இருமடியாக்கிக் கூட்டுவதும் ஒன்றல்ல. ஆகவே ஆற்றலோ திறனோ வேண்டுமானால், முதலில் பங்குகளைக் கூட்டி முழு மின்னழுத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகுதான் அந்தக் கணக்குக்குப் போக வேண்டும்.

இந்தப் பிரிவினை உயிர்நாடியாகும் ஓரிடம் துணைமின் நிலையங்களின் கெபாசிட்டர் பேங்க். மோட்டார்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் அதிகம் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் சரியாமல் தாங்க, பெரிய மின்தேக்கித் தொகுப்பைப் பிரேக்கர் மூலம் வரியோடு இணைப்பார்கள். தேவை குறைந்ததும் கழற்றுவார்கள். மின்வழங்கு வலையமைப்பில் எப்போதும் கொஞ்சம் தூண்டல் இருக்கும். அது சுருளாகவும், பேங்க் மின்தேக்கியாகவும் அமைந்து நம் இரண்டாம் படிச் சுற்று தானாகவே உருவாகிவிடுகிறது. மின்தடை இங்கே மிகக் குறைவு. எனவே வடிதல் அல்ல, அலைவு.

பிரேக்கர் திறக்கும்போது மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில்தான் அறுபடும். மின்தேக்கியில் மின்னோட்டம் பூஜ்யமாகும் கணமும் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும் கணமும் ஒன்றே. அதனால் கழற்றப்பட்ட பேங்க் முழு உச்ச மின்னழுத்தத்தோடு அப்படியே தங்கிவிடுகிறது. 11 கிலோ வோல்ட் அமைப்பில், நடுமுனை பூமியோடு இணைந்திருந்தால், ஒரு கட்டத்தின் உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 9 கிலோ வோல்ட்.

இப்போது அதைத் திரும்ப இணைப்பதாக வைத்துக்கொள்வோம். அலைவின் வேகம் விநாடிக்குப் பல நூறு முறை; 50 ஹெர்ட்ஸ் மூலம் அதோடு ஒப்பிட்டால் மெதுவாக நகர்வது. எனவே முதல் அலைவு முடியும்வரை மூலத்தை 9 கிலோ வோல்ட்டிலேயே நிற்பதாக எடுத்துக்கொள்ளலாம்; இழப்புகளையும் ஒதுக்கிவிடலாம். உச்ச மின்னழுத்தத்தை V என்றும், பேங்கில் தங்கிய மின்னழுத்தத்தை V0 என்றும் எழுதினால் இரண்டு பங்குகளும் மிக எளிமையாக வருகின்றன:

மூலப் பங்கு = V − V cos(ωt)
இருப்புப் பங்கு = V0 cos(ωt)

பேங்க் முழுக்க வடிந்திருந்தால் இருப்புப் பங்கு இல்லை. மூலப் பங்கு மட்டும் 2V வரை, அதாவது 18 கிலோ வோல்ட் வரை எகிறும். பேங்கில் எதிர்க்குறியில் முழு மின்னூட்டம் தங்கியிருந்தால், V0 = −V. அரை அலைவு முடியும் கணத்தில் மூலப் பங்கு 2V-ஐத் தொடும்போது இருப்புப் பங்கும் −V-யிலிருந்து புரண்டு +V-க்கு வந்து நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 3V. 27 கிலோ வோல்ட். கூடுதலாக வந்த 9 கிலோ வோல்ட்டுக்குத் தற்போதைய மூலம் காரணமில்லை. முன்பு கழற்றியபோது தங்கிய இருப்பு அது.

இதே இரண்டு வரிகள் மறுபக்கத்தையும் காட்டுகின்றன. தங்கிய மின்னூட்டம் மூலத்தின் அதே குறியிலும் அதே அளவிலும் இருந்தால், V0 = V. இருப்புப் பங்கு மூலப் பங்கின் அலைவை முழுமையாக அடித்துவிடுகிறது. மிஞ்சுவது V மட்டும். துளி அதிர்வும் இல்லை. நம் மேசைச் சுற்றிலும் அதுவே: மின்தேக்கியை முன்கூட்டியே 10 வோல்ட்டுக்கு மின்னேற்றி, சுருளில் மின்னோட்டம் இல்லாமல் தொடங்கினால், இருப்புப் பங்கு 20e^(-t) − 10e^(-2t) ஆகி, மூலப் பங்கின் மறையும் பகுதியைச் சரியாக நீக்கிவிடும். பிரேக்கரின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு பூஜ்யமாகும் கணத்தைத் தேர்ந்தெடுத்து மூடும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இன்று இருக்கின்றன. அவை இந்த நீக்கத்தை நோக்கித்தான் நேரம் பார்க்கின்றன. அந்தக் கணத்தைக் குறிக்க மூலத்தின் அலையை மட்டும் பார்த்தால் போதாது. பேங்கில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்றும் தெரிய வேண்டும், அல்லது முழுக்க வடிந்துவிட்டது என்ற உறுதி வேண்டும்.

வடிப்பதற்காகவே ஒவ்வொரு மின்தேக்கியோடும் ஒரு மின்னிறக்க மின்தடை இணைந்திருக்கும். உயரழுத்த மின்தேக்கிகளுக்கான சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவிதிப்படி, அது உச்ச மின்னழுத்தத்தை 10 நிமிடத்துக்குள் 75 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். சரியாகப் பத்தாவது நிமிடத்தில் 75 வோல்ட்டைத் தொடும் அளவுக்கு மின்தடை அமைந்திருக்கிறது என்று கொண்டு நம் 9 கிலோ வோல்ட் பேங்கைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கழற்றிய ஒரு நிமிடத்தில் இன்னும் சுமார் 5.6 கிலோ வோல்ட் இருக்கும். அவசரப்பட்டு அப்போதே இணைத்து, குறியும் எதிராக அமைந்துவிட்டால், உச்சம் 2.6 மடங்கைத் தாண்டும். ஐந்து நிமிடத்தில் மிஞ்சியிருப்பது 820 வோல்ட் அளவு; உச்சம் 2.1 மடங்குக்குள் அடங்கிவிடும். எவ்வளவு காத்திருந்தாலும் குறைவது இருப்புப் பங்கு மட்டுமே. மூலப் பங்கின் இரண்டு மடங்கு அப்படியே இருக்கும். அதைக் குறைக்க வேண்டுமானால் மூடும் கணத்தைத் தேர்ந்தெடுப்பது, மூடும்போது தற்காலிகமாக ஒரு மின்தடையைச் செருகுவது போன்ற வேறு வழிகளைத்தான் நாட வேண்டும். எந்த மருந்து எந்தப் பங்கைத் தொடும் என்று பிரித்தறிய முடிவதே இந்தக் கணக்கின் பெரும்பயன்.

ஆனால் 27 கிலோ வோல்ட் என்ற எண் நடைமுறையில் பெரும்பாலும் எட்டப்படுவதில்லை. காரணம், சர்ஜ் அரெஸ்டர். மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டியதும் அது திடீரென்று கடத்தத் தொடங்கி அதிகப்படியைத் தரையில் இறக்கிவிடும். அருகில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் இரும்பு உள்ளகமும் ஓரளவுக்கு மேல் நிறைவுற்று வேறுவிதமாக நடந்துகொள்ளும். இவை நேர்விகிதத்தில் இயங்காத உறுப்புகள். இவை செயல்படத் தொடங்கும் கணத்தில், இரண்டு காரணங்களின் விளைவுகளைத் தனித்தனியே கண்டு கூட்டலாம் என்ற உரிமையை நாம் இழந்துவிடுகிறோம். தனித்தனியே பார்த்தால் 18-ம் 9-ம். இரண்டில் எதுவுமே அரெஸ்டரை எழுப்பாமல் இருக்கலாம். சேர்ந்து வரும்போதோ அது எழுந்துவிடுகிறது. ஒரு சுற்றில் இப்படி நடக்கிறதா என்று கண்டறிய எளிய வழி உண்டு: மூலத்தையும் தொடக்க இருப்பையும் ஒரே விகிதத்தில் உயர்த்த வேண்டும். விடையும் அதே விகிதத்தில் உயர்ந்தால் பிரிவினை செல்லும். உயராமல் தட்டையானால் செல்லாது.

அத்தகைய சுற்றுகளுக்கு 1960-களின் பிற்பகுதியில் ஒரு வழி பிறந்தது. அமெரிக்காவின் போன்வில் மின்நிர்வாகத்தில் பணியாற்றிய ஹெர்மன் டொம்மெல், இ.எம்.டி.பி. என்ற கணினி நிரலை உருவாக்கினார். அதன் முறையை விளக்கும் கட்டுரை 1969-ல் வெளியானது. அந்த நிரல் நேரத்தைச் சிறுசிறு படிகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு படியிலும் மின்தேக்கியை ஒரு சாதாரண மின்தடையாகவும் அதன் பக்கத்தில் ஒரு மின்னோட்ட மூலமாகவும் மாற்றிவிடுகிறது. நம் 0.5 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிக்கு, படி 0.01 மில்லி விநாடி என்றால், அந்த மின்தடை 10 ஓம். பக்கத்து மின்னோட்ட மூலத்தின் அளவை முந்தைய படியின் முடிவில் மின்தேக்கியில் இருந்த மின்னழுத்தமும் மின்னோட்டமும் நிர்ணயிக்கின்றன. சுருளுக்கும் இதேபோல் ஒரு மின்தடை, ஒரு மின்னோட்ட மூலம். ஆகவே ஒவ்வொரு படியின் வாசலிலும் பழைய இருப்பு ஒரு மூலமாகவும், வெளியிலிருந்து வரும் மின்சாரம் இன்னொரு மூலமாகவும் தனித்தனியே நிற்கின்றன. அரெஸ்டர் விழித்துக்கொண்டால் அந்தப் படியிலிருந்து அதன் புதிய மதிப்பை எடுத்துக்கொண்டு நிரல் அடுத்த படிக்கு நகர்கிறது.